இரண்டும் ஒரே செவ்வாய்க்கிழமை

வாய்மொழித் தேர்வுக்கான அட்டவணை வகுப்புக் குழுவில் வந்தபோது நான் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு கைப்பேசியைத் திறந்து என் பெயரைத் தேடினேன். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. தேதியை இன்னொரு முறை பார்த்தேன். அதே செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நான் சிரம்பான் டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

இரண்டையும் எப்படிப் பிடித்தேன் என்று சொன்னால்தான் அந்த நாள் எனக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்பது புரியும்.

எங்கள் செம்பனைத் தோட்டத்துப் பாலர் பள்ளியில் நான் பல வருடங்களாக உதவியாளர். ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பு முடிந்தது. ஆசிரியர் வராத நாளில் நானே பாடம் நடத்துவேன், சம்பளப் பட்டியலில் மட்டும் உதவியாளர். அப்புறம், டிப்ளோமா இல்லாதவர்கள் வருடக் கடைசிக்கு மேல் பிள்ளைகளோடு வேலை செய்ய முடியாது என்று நிர்வாகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்த வயதில் சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறி, சிரம்பானில் ஒரு கடை வரிசையின் மாடியில் இருந்த பல்கலைக்கழகப் படிப்பு மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எழுதுகிற பரீட்சை எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சம் இந்த வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். 'ஓரல்' என்று எல்லாரும் சொல்வோம். நான் செய்த பயிற்சியைப் பற்றி இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். பேசுவதுதான் எனக்கு உலகத்திலேயே வராத காரியம்.

தோட்டத்தில் யாருக்கும் நான் படிப்பது தெரியாது. கேட்டால் டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்பேன். என் கணவருக்குத் தெரியும். இன்னும் ஒருத்திக்குத் தெரியும், அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி விஷயம் வேறு. கிளினிக்கில் ஐம்பதை நெருங்குகிறவர்களுக்கு என்று மலப் பரிசோதனைக்கு ஒரு சிறு டப்பா கொடுத்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறது என்று வந்தது. மூலமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், குழாய் விட்டுக் குடலைப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். 'ஸ்கோப்' என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். தேதி கிடைக்கவே மாதங்கள் ஆயின. கிடைத்த அட்டையில் தேதியும் நேரமும் மட்டும்தான் இருந்தன. டாக்டர் கடைசியாகச் சொன்னது மட்டும் காதிலேயே நின்றது. இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அன்று இரவு சோற்றைப் போட்டுக்கொண்டே கணவரிடம் சொன்னேன். அவர் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவர். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் இருக்கும்.

"எம்.சி. எடுத்துக் குடுத்துரு. ஆஸ்பத்திரில குடுக்கிற எம்.சி.யை எவன் வேணாம்பான்?"

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த குடும்பங்களுக்கு எம்.சி. என்கிற மருத்துவச் சான்றிதழ்தான் பெரிய காகிதம். முதல் நாள் வராமல் இருந்துவிட்டு மறுநாள் அதை நீட்டினால் மேற்பார்வை பார்க்கிற மண்டோரும் வாயைத் திறக்க மாட்டார். அந்த நம்பிக்கையில் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு மாணவர் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். திடீரென்று உடம்பு முடியாமல் போனவர்களுக்குத்தான் எம்.சி. முன்கூட்டியே தெரிந்த மருத்துவ நாளாக இருந்தால் தேர்வுக்கு ஒரு வாரத்துக்கு முன்னாலேயே அலுவலகத்தில் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் வராமல் இருந்தால் வராதவர் என்றுதான் பதிவாகும். ஒருவருக்கு ஒரு முறைதான் மாற்றம்.

அப்புறம் தூக்கம் வரவில்லை. அலுவலகத்துக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. மின்னஞ்சல் எழுத உட்கார்ந்து மூன்று வரி எழுதி அழித்தேன். அடுத்த நாள் விடுப்பு கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் சுங்கை காடுட் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது முகப்பில் சொல்ல வேண்டியதை மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மலாயில் சுலபமாகத்தான் வந்தது.

மாடி ஏறிப் பார்த்தால் முகப்பில் உட்கார்ந்திருந்தது என் ஓரகத்தியின் தங்கை.

தோட்டத்தில் நான் படிப்பது தெரிந்த இன்னொருத்தி என்று சொன்னேனே, அவள்தான். கணவரின் அண்ணன் மனைவிக்குக் கூடப் பிறந்தவள். அந்த மையத்தில் தேர்வுப் பிரிவில் குமாஸ்தா. நான் சேர்ந்த அன்றே என்னைப் பார்த்துவிட்டாள். நல்ல பெண், கெட்டிக்காரி. ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலில் பெண்கள் வரிசையில் அவள் பக்கத்தில் நின்றால் பூசை முடிவதற்குள் நாலு தோட்டத்துக் கதையும் காதுக்கு வந்துவிடும். என் படிப்பைப் பற்றி மட்டும் என்னவோ யாரிடமும் சொல்லவில்லை. அதையும் எந்த நேரம் சொல்வாளோ என்றுதான் நினைத்திருந்தேன். என் குடலைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது?

"வாங்கக்கா. என்ன, சனிக்கிழமை இல்லாம?"

மருத்துவ நாள் ஒன்று இருக்கிறது, ஓரலோடு மோதுகிறது என்று சொன்னேன். அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவள் தேதியைப் பார்த்தாள், நேரத்தைப் பார்த்தாள். என்ன டெஸ்ட் என்று கேட்டாள். 'சும்மா செக்கப்தான்' என்றேன். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"காலையில எட்டு மணிக்குத்தானே? அப்ப மத்தியானம் மூணு மணிக்குப் போட்டுர்றேன். ஆஸ்பத்திரி இங்கேர்ந்து பத்து நிமிசம். முடிச்சிட்டு நடந்தே வந்துரலாம்."

எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவள் கணினியில் தட்டிவிட்டாள். அட்டையை நகல் எடுத்துக்கொண்டாள். நன்றி என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். மயக்க ஊசி போட்டுத்தான் குழாய் விடுவார்கள், அன்று முழுவதும் வண்டி ஓட்டக்கூடாது, முக்கியமான எதிலும் கையெழுத்துக்கூடப் போடக்கூடாது, தனியாகப் போகக்கூடாது என்று தாதி விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருந்தாள். அதெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கையெழுத்தே போடக்கூடாது என்றால் எழுந்து போய்ப் பரீட்சையில் எப்படிப் பேசுவது? எனக்கிருந்த ஒரே மாற்றத்தையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப ஸ்கோப்பைத் தள்ளிப் போடு."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். தள்ளலாம், ஆனால் அடுத்த தேதி அடுத்த வருடம்தான் என்றார்கள். அதை அவரிடம் சொன்னபோது சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பிறகு அவர் தள்ளிப் போடுவதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாரம் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிள்ளைகளின் பாலில் சீனியை இரண்டு முறை போட்டேன். அலுவலகத்துக்குப் போன் போடுவேன், இரண்டு தடவை மணி அடித்ததும் அவள் எடுத்துவிடுவாளோ என்று நானே வைத்துவிடுவேன். இந்தப் படிப்புக்கான என் பயிற்சி என்ன தெரியுமா? நாலு வயதுப் பிள்ளைகள் வகுப்பில் வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டு உட்காராமல், டீச்சர் எனக்குக் கழிவறைக்குப் போகணும் என்று வாய் விட்டுச் சொல்லப் பழக்குவது. அதைப் பற்றித்தான் நான் ஓரலில் பேச வேண்டும். அந்தப் பயிற்சிக் கோப்பைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது.

தேர்வுகளை ஒருங்கிணைக்கும் மலாய் அதிகாரி சனிக்கிழமைகளில் மட்டும் மையத்துக்கு வருவார், மற்ற நாட்களில் தலைமை அலுவலகத்தில் இருப்பார். அம்மா என்கிற பொருளில் எல்லாரும் அவரைப் புவான் என்போம். இரண்டாவது மாற்றம் என்றால் அவர் ஒப்புதல் வேண்டும். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவர் அறை வாசலில் போய் நின்றேன். கண்ணாடி வழியே முகப்பு தெரிந்தது. என் ஓரகத்தியின் தங்கை குனிந்து எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் சாப்பிடப் போகட்டும், அப்புறம் உள்ளே போகலாம் என்று எனக்குப் பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் விட்டேன். ஒருவர், இருவர், மூவர். கடைசியில் யாரும் இல்லை. அவள் சாப்பிடவும் போகவில்லை.

உள்ளே போனேன். மலாயில் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். புவான் கணினியைப் பார்த்தார். ஏற்கெனவே மூன்று மணிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறோமே, மறுபடியும் எதற்கு என்று கேட்டார். கோபமாக இல்லை, ஆனால் நேராகக் கேட்டார். மாற்றியதற்கான காகிதங்களைக் கொண்டுவரச் சொல்லி முகப்புக்குக் குரல் கொடுத்தார். என் ஓரகத்தியின் தங்கை கோப்போடு உள்ளே வந்து, கதவுப் பக்கமே நின்றுகொண்டாள்.

இனி ஒளிவதற்கு இடமில்லை. நான் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு மலாயில் சொன்னேன். மலத்தில் ரத்தம் என்று வந்திருக்கிறது. குடலுக்குள் ஸ்கோப் விடப்போகிறார்கள். மயக்கம் கொடுப்பார்கள். அன்று மத்தியானம் நான் பேசுகிற நிலையில் இருக்க மாட்டேன். முதல் நாள் மாலைக்குள் வீடு போய்ச் சேர்ந்து பேதி மருந்து குடிக்க வேண்டும், அதனால் திங்கட்கிழமை மத்தியானமும் முடியாது. தமிழில் ஒரு வார்த்தைகூட வாயிலிருந்து வந்திருக்காது. மலாயில் அந்த வார்த்தைகள் கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் வார்த்தைகள் போல வந்துவிட்டன. யாருடைய உடம்பைப் பற்றியோ சொல்கிற மாதிரி இருந்தது.

புவான் பேனாவைக் கீழே வைத்தார். மெதுவாகப் பேசினார். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் மட்டும்தான் இங்கே இருப்பார். இரண்டு நாளும் நேரங்கள் நிரம்பிவிட்டன. அடுத்த பருவத்துக்குத் தள்ளிவிடுவது சுலபம் என்றார். அடுத்த பருவம் என்றால் எனக்கு வேலை இருக்காது என்றேன். அவர் கொஞ்ச நேரம் அட்டவணையைப் பார்த்தார். திங்கட்கிழமை காலை நேரத்தில் இருக்கிற யாராவது தாமாக விரும்பி உங்கள் செவ்வாய்க்கிழமை மூன்று மணியை எடுத்துக்கொண்டால் நான் ஒப்புக்கொள்வேன், இரண்டு பேரும் எழுதி அனுப்ப வேண்டும், ஸ்கோப் பிரிவிலிருந்து என்ன பரிசோதனை என்று ஒரு கடிதமும் வேண்டும், புதன்கிழமைக்குள் என்றார். யாரையும் மாறச் சொல்லி அலுவலகம் கேட்காது, நீங்களேதான் கேட்க வேண்டும்.

வெளியே வந்தேன். படியில் பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. அவள்தான்.

"ஏங்க்கா. அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா நான் மத்தியானம்னு போட்டிருப்பேனா? இப்ப பாருங்க, ஒரு சான்ஸ் போச்சு."

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் இறங்கினேன்.

"கோயில்ல சொல்லிருவேன்னு பயந்தீங்களா?"

அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, ஆனால் அது என்னைக் காயப்படுத்துகிற சிரிப்பு இல்லை என்பதும் தெரிந்தது.

"நான் கோயில்ல சொல்றது எல்லாம் கல்யாணம், காதுகுத்து, எவன் கார் வாங்குனான், இதுங்கதான். ஆஸ்பத்திரி கதை எல்லாம் சொல்ல மாட்டேன்லா. உங்க புள்ளைங்களுக்கு மட்டும்தான் வாய் தொறந்து சொல்லணும்னு பாடமா? உங்களுக்கு இல்லையா?"

என் கோப்பை அவள் படித்திருக்கிறாள். படித்துவிட்டுத்தான் தேர்வாளருக்கு அனுப்பியிருக்க வேண்டும், அது அவள் வேலை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சிரிப்பும் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை நேரங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு வந்த அட்டவணையிலேயே பாருங்கள், முதல் ஆளைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி ஏறிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, முதல் ஆளாக இருந்தது தூரத்தில் கெமாஸிலிருந்து வருகிற பெண். என்னோடு ஒரே வகுப்பு, என் மகள் வயது. வகுப்பில் இரண்டு வருடம் அவளுக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், பத்து வார்த்தை பேசியிருப்பேன். பஸ் நிறுத்தத்தில் நின்று அவள் எண்ணைத் தட்டினேன். மணி அடிக்கிற நேரம் முழுக்க வைத்துவிடலாமா என்றே இருந்தது.

இந்தத் தடவை பாதியோடு நிறுத்தவில்லை. தமிழிலேயே சொன்னேன், ஸ்கோப் என்றும் சொன்னேன், குடல் என்றும் சொன்னேன்.

"ஐயோ ஆன்ட்டி, நான் ஒம்போது மணிக்கு வரணும்னா முதல் நாளே வந்து சித்தி வீட்டுல படுக்கணும். சித்தப்பா கூட எங்க அப்பாவுக்குச் சண்டை. மூணு மணின்னா காலையில ரயில் ஏறி நிம்மதியா வந்துருவேன். நானே யார்கிட்ட கேக்கிறதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

அன்று மாலையே அவள் எழுதி அனுப்பிவிட்டாள். நான் எழுதத்தான் நேரமானது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மரியாதையோடு என்று போடு, நன்றி என்று போடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தேர்வுக்கு முந்தின வாரத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கினேன். ஒரு முகப்பில் கேட்டால் இன்னொரு முகப்பு, அங்கே கேட்டால் மாடி. கடைசியில் ஒரு தாதி அச்சடித்து முத்திரை போட்டுக் கொடுத்தாள். மறுநாள் அதை நானே கொண்டுபோய்ப் படிப்பு மையத்தில் கொடுத்தேன்.

பதில் வரவில்லை. புதன் போனது, வியாழன் போனது. கைப்பேசியைக் கழிவறைக்கும் கொண்டுபோனேன். புவான் மறுத்துவிட்டார் என்று ஒரு நேரம் தோன்றும், மின்னஞ்சல் போய்ச் சேரவே இல்லை என்று இன்னொரு நேரம் தோன்றும். அடுத்த வாரம்தான் ஓரல். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவே வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

பூசை முடிந்து விபூதிக்கு நிற்கும்போது என் ஓரகத்தியின் தங்கை உள்ளே வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள், கழுத்தில் அலுவலக அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையின் அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசிக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அக்கா, திங்கக்கிழமை காலையில நீங்கதான் மொத ஆளு. புவான் கையெழுத்துப் போட்டாச்சு."

வரிசை முழுக்கத் திரும்பியது. என்ன முதல் ஆள், என்ன கையெழுத்து என்று என் பக்கத்தில் நின்றவள் கேட்டாள். ஓரகத்தியின் தங்கை ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்காவுக்குப் பரீட்சைலா. டிப்ளோமா. உங்களுக்கெல்லாம் தெரியாதா?"

அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு வருடமாக மறைத்ததைச் சொல்லிவிட்டாள். சில மாதமாக மறைத்ததைச் சொல்லவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இந்த வயசிலயா என்று ஒருத்தி, அதான் சனிக்கிழமை சனிக்கிழமை சாமான் வாங்கப் போனாயா, ஒரு பையும் கையில் இருக்காதே என்று இன்னொருத்தி. நான் விபூதியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன், பூச மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்றும் சாப்பிடக்கூடாது, தெளிவான தண்ணீர் ஆகாரம் மட்டும்தான். பால் கலக்காத தேநீர் ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போனேன். தேர்வாளர்கள் இரண்டு பேர். மேசையில் கறிபாஃப் பலகாரம் வைத்திருந்தார்கள், எனக்கும் ஒன்று நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போது வயிறு பெரிதாகக் கத்தியது. தேர்வாளர்களில் ஒரு அம்மா சிரித்துவிட்டு, பயமா என்று கேட்டார். பசி என்றேன், நாளைக்கு ஸ்கோப் என்றேன். அதற்குப் பிறகு பேச்சு எப்படியோ ஓடியது. பிள்ளை முதல் முறை வாய் விட்டுச் சொன்ன நாள், மற்ற பிள்ளைகள் கேலி செய்த நாள் எல்லாம் சொன்னேன். இருபது நிமிடம் என்றார்கள். மணி பார்க்கவில்லை.

அன்று மாலை பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை கணவர் லோரிக்கு வேறு ஆளை விட்டுவிட்டு, கார் இரவல் வாங்கிக்கொண்டு என்னோடு வந்தார். ஊசி போட்டது நினைவிருக்கிறது. குடலில் சிறியதாக ஒன்று வளர்ந்திருந்தது, அதைக் கிள்ளி எடுத்துவிட்டார்கள். சோதனைக்கு அனுப்பி, பயப்பட ஒன்றும் இல்லை என்று பிறகு சொன்னார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

வீட்டில் நான் கண் விழித்து முழுசாக நினைவு வந்தபோது வெளிச்சம் சாய்ந்திருந்தது. கைப்பேசியில் கெமாஸ் பெண்ணின் செய்தி இருந்தது. ஓரல் நன்றாக முடிந்தது, ரயிலில் இருக்கிறேன் ஆன்ட்டி என்று. கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வீடு வர்ற வரைக்கும் நீ வாயை மூடல தெரியுமா? மலாய்ல பேசுற. பரீட்சைக்குப் பதில் சொல்றே. டோல்கேட்ல இருக்கிற ஆளுகிட்டக்கூட ஏதோ விளக்கம் குடுக்கிற."

என்ன சொன்னேன் என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னே. மணி மூணு இருக்கும் அப்போ."